“ஒரு சின்ன உதவி…” எந்த மொழியில எப்பிடிக் கேக்கிறது? ரீச்சரிட்டக் கேள்வி பதில்

சுன்னாகம்: ரீச்சர், எங்கட மனேஜர் வெள்ளைக்காரர். “ப்ளீஸ் செக் திஸ் ரிப்போட் அண்ட் சென்ட் பிஃபோர் ஃபோர்” எண்டு மெயில் போட்டன். பக்கத்து மேசை அக்கா “என்ன, அவருக்கே ஓடர் போடுறாய்” எண்டுறா. ப்ளீஸ் போட்டனான் தானே?

அக்கா சொன்னது சரி. ஆனா நீர் மரியாதை இல்லாமல் எழுதேல்லை, மரியாதை வழியில விழுந்து போச்சு. எங்க விழுந்தது எண்டு பாப்பம்.

இதையே தமிழில அவருக்குச் சொல்லுறதெண்டால் “சேர், இந்த ரிப்போட்டை ஒருக்காப் பாத்து நாலு மணிக்கு முன்னம் அனுப்பி விடுங்கோ” எண்டிருப்பீர். இதில ‘அனுப்பி விடுங்கோ’ ஏவல்தான், ஆனா ஒருத்தரும் கோவிக்க மாட்டினம். ஏனெண்டால் அனுப்பு, அனுப்பும், அனுப்புங்கோ எண்டு மூண்டு படி எங்களிட்ட இருக்கு, நீர் மேல்படியை எடுத்திட்டீர், மரியாதை வினையின்ர வாலிலயே ஒட்டிக்கொண்டு வந்திட்டுது. அதுக்கு மேல ‘ஒருக்கா’ வேலையைச் சின்னனாக்குது. இங்கிலீசுக்குப் போகேக்க இந்த ரெண்டும் கழண்டு போகுது. ‘சென்ட்’ எண்டது நாய்க்கும் ஒண்டுதான் நாட்டின்ர பிரதமருக்கும் ஒண்டுதான். நீர் அந்த வெறும் ஏவலுக்கு முன்னால ப்ளீஸை வைச்சீர், அது அவையளுக்குப் பணிவான ஓடராத்தான் கேக்கும், கேள்வியாக் கேக்காது. இங்கிலீசில மரியாதை இருக்கிற இடம் கேள்வி வடிவம். அதால “குட் யூ ஹாவ் எ லுக் அட் திஸ் பிஃபோர் ஃபோர்? ஐ நீட் டு சப்மிட் இட் டுடே” எண்டு எழுதும்.

நாலு மணி உண்மையான நாலு மணியெண்டால் “இஃப் யூ கெட் எ சான்ஸ்” எண்டு வால் போடாதேயும். நல்ல பிள்ளையா எழுதுறன் எண்டு கனபேர் அதைப் போடுகினம், அவர் நேரமில்லை எண்டு விட்டிடுவார், பேந்து நீர் அஞ்சு மணிக்கு நிண்டு அழ வேணும். கேள்வியை மெதுவாக்கலாம், நேரத்தை மெதுவாக்கக் கூடாது.

“ஐ வாஸ் வொண்டரிங் இஃப்…” எண்டதையும் எல்லா இடத்திலயும் தூவாதேயுங்கோ. கேர்ல், ட்ரூ எண்ட ரெண்டு ஆய்வாளர்கள் 2008இல இங்கிலாந்துத் தொலைபேசி உரையாடல்களை எடுத்து வைச்சுப் பாத்தவை. வீட்டாக்கள் தங்களுக்க ‘குட் யூ’ வகையாக் கேக்கினம், இரவில டொக்டரைக் கூப்பிடுற ஆக்கள் ‘வொண்டரிங்’ வகையாக் கேக்கினம். தனக்குக் கேக்க எவ்வளவு உரிமை இருக்கு, மற்றாளால ஏலுமோ எண்டது எவ்வளவு தெரியாது, இந்த ரெண்டும்தான் வடிவத்தைத் தீர்மானிக்குது. பக்கத்தில இருக்கிறவரிட்டப் பேனை வாங்க ‘வொண்டரிங்’ போட்டால் அவர் பயந்திடுவார்.

ரொரன்ரோ: அக்கா, என்ர மகனுக்குப் பத்து வயசு, இங்க பிறந்தவன். ஊரில நிக்கேக்க “அம்மம்மா, எனக்குத் தண்ணி தர முடியுமா?” எண்டு கேட்டவன், அம்மம்மா “ஏன் நான் மாட்டன் எண்டு சொன்னனானோ” எண்டு மனம் நொந்து போனா. பிள்ளை மரியாதையாத்தானே கேட்டது?

பிள்ளையில பிழையே இல்லை. அவன் இங்கிலீசின்ர ‘கான் யூ’வைத் தமிழுக்குக் கொண்டு வந்திட்டான். எங்கட வீட்டுக்க ‘முடியுமோ’ எண்டு கேட்டால் முடியாமலும் போகலாம் எண்ட எண்ணம் கேள்விக்குள்ள வந்து நிக்கும். அம்மம்மாவுக்குப் பேரனுக்குத் தண்ணி குடுக்கிறதில அப்பிடியொரு சந்தேகமே இல்லை, அதால அவவைத் தூரத்து ஆளாக்கின மாதிரி இருந்திருக்கும். “அம்மம்மா, தண்ணி தாங்கோவன்” எண்டு கேக்கப் பழக்குங்கோ, அவ உச்சி குளிர்ந்து போவா.

அந்த ‘-அன்’ எங்கட யாழ்ப்பாணச் சொத்து. தாவன், தாருமன், தாங்கோவன். ஆனா யாருக்கு லாபம் எண்டு பாத்துப் போட வேணும். “இருங்கோவன், சாப்பிடுங்கோவன்” எண்டால் லாபம் மற்றாளுக்கு, அது உபசாரம். “தாங்கோவன்” எண்டால் லாபம் எனக்கு, அது செல்லமா நெருக்கிறது. அம்மம்மாவிட்ட அது சரி, பாங்கில கவுண்டரில இருக்கிறவரிட்ட “கையெழுத்துப் போடுங்கோவன்” எண்டால் அவசரப்படுத்தின மாதிரி.

மானிப்பாய்: தமிழில ப்ளீஸுக்கு ஒரு சொல்லே பேச்சில இல்லை. ‘தயவு செய்து’ போர்டில மட்டும்தான். அப்ப நாங்கள் நேரடியான சனம், வெள்ளையள்தான் மரியாதையான சனம் எண்டுதானே அர்த்தம்?

முதல் பாதி சரி, மற்றப் பாதி பிழை. சுத்தி வளைக்கிறதும் மரியாதையும் ஒண்டில்லை. 1989இல வெளிவந்த ஒரு பெரிய ஒப்பீட்டில ஒரே மாதிரியான சந்தர்ப்பங்களைக் குடுத்து எப்பிடிக் கேப்பியள் எண்டு எழுத விட்டவை. ஆர்ஜன்ரீனா ஸ்பானிஷ்காரர் ஆகக் கூட நேரடி, அதுக்கடுத்து ஹீப்ரு, நடுவில பிரெஞ்சும் ஜேர்மனும், ஆகக் குறைவு அவுஸ்திரேலிய இங்கிலீசு. ஆர்ஜன்ரீனாக்காரர் மரியாதை கெட்ட சனமோ? போலந்து மொழியிலயும் ஏவல் கூட வரும், அவையளுக்கு அது உரிமை. தமிழ் அந்த ஒப்பீட்டில இல்லை, ஆனா பிரவுன், லெவின்சன் எண்ட ரெண்டு ஆய்வாளர்கள் 1978இல மரியாதையைப் பற்றி எழுதினதுக்கு அடித்தளமா இருந்த மூண்டு மொழியில ஒண்டு கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமத் தமிழ்.

வவுனியா: மிஸ், உதவித்தொகைக்கு விண்ணப்பக் கடிதம் எப்பிடி எழுதுறது? வீட்டுத்திட்டத்துக்கும் சேத்து.

இது வேற விசயம் தம்பி. உங்கட கிராம சேவையாளரிட்டப் போங்கோ, படிவம் அங்கதான்.

பருத்தித்துறை: பிள்ளை, நான் எழுபது தாண்டினவன். எங்கட ஒழுங்கையில ஒருத்தரும் ‘ஏணி தாங்கோ’ எண்டு கேக்கிறேல்லை. “மாங்காய் எல்லாத்தையும் அணில் கொத்துது” எண்டு வேலியால ஒரு சொல்லு, ஏணி தானா வரும். நீர் சொல்லுற ‘தாங்கோ’ எங்கத்தைய கதை?

ஐயா, இதைத்தான் நான் பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் சொல்லுறது முதல் படி. அணில் கதைக்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி வரும். அந்த இடைவெளியில அவர் “ஏணி வேணுமோ” எண்டு கேட்டிட்டால் நீங்கள் கேட்டதாகவே இல்லை, அவர் தந்ததாப் போச்சு. அவர் “ஓம், எங்கட மரத்திலயும் அப்பிடித்தான்” எண்டால் ரெண்டாம் படி, “உங்கட ஏணி சும்மாவோ கிடக்கு?” அதுக்கு அவர் “மகன் கொண்டு போட்டான்” எண்டு சொல்லலாம், அதோட முடிஞ்சுது, ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேல்லை. “ஓம், சும்மாதான்” எண்டால் மட்டும் “ஒருக்காத் தாறியளோ, பின்னேரம் கொண்டந்து விடுறன்”. கேக்கிற வசனம் கடைசியாத்தான் வருது, வரேக்க பதில் ஏற்கனவே ஓம்.

ஆனா ஒண்டு, இந்த மறைமுகம் எல்லாருக்கும் ஒரே இனிப்பில்லை. ப்ளும்-குல்கா எண்ட ஆய்வாளர் 1987இல ஹீப்ரு பேசிறவையிட்டையும் இங்கிலீசு பேசிறவையிட்டையும் எது ஆக மரியாதை எண்டு மதிப்பிடச் சொன்னவ. சாடையாச் சொல்லுறது முதலிடத்துக்கு வரேல்லை. ‘செய்ய ஏலுமோ’ எண்ட கேள்விதான் ரெண்டு பக்கத்திலயும் முதல். சாடைக்குள்ள என்ன இருக்கு எண்டு தோண்டுற வேலையை மற்றாள்தான் செய்ய வேணும், அதுதான் காரணம் எண்டவ.

கொக்குவில்: அதேதான்! பக்கத்து வீட்டு அன்ரி “இண்டைக்குக் காஸ் முடிஞ்சுது” எண்டவ. நானும் “அச்சச்சோ” எண்டிட்டு வந்திட்டன். பேந்து உதவி செய்யாத பெடியன் எண்டு எனக்குப் பேர்.

பருத்தித்துறை: விளங்காத மாதிரி நிக்கிறவை எப்பவும் இருந்தவை. அதுக்காகச் சாடை பிழையோ?

நல்லூர்: ஐயா, எங்கட பெரியவர் ஒபிசில “இங்க வெக்கையாக் கிடக்கு” எண்டுவார். பியோன் அண்ணை ஓடிப் போய் ஃபான் போட வேணும். இதுவும் மரியாதையோ?

நல்லூரின்ர கேள்வி முக்கியம். வேலியால கேக்கிற சாடையில மற்றாள் விளங்காத மாதிரி நிக்கலாம், அந்தச் சுதந்திரம்தான் அதுக்கு இனிப்பு. பியோன் அண்ணைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அப்ப அது ஓடர், ஓடர் போட்டன் எண்ட பொறுப்பும் இல்லாத ஓடர். மேல இருக்கிறவை தயவு செய்து “ஃபானைப் போட்டு விடுங்கோ” எண்டு நேராச் சொல்லுங்கோ, அதுதான் கண்ணியம். கொக்குவில் தம்பிக்கு: சந்தேகமெண்டால் “ஏதும் செய்யோணுமோ அன்ரி” எண்டு ஒரு வசனம் போதும்.

பருத்தித்துறை: மேலதிகாரி கதை வேற, அயல் கதை வேற. அயலுக்க நேராக் கேட்டால் மற்றவனுக்கு இல்லையெண்டு சொல்லக் கஷ்டம். நான் மாற மாட்டன்.

அயலுக்க நான் உங்கட பக்கம்தான் ஐயா. ஆனா அயலே மாறிப் போச்சு, புதுசா வந்து குடியிருக்கிறவைக்கு அணில் கதை அணில் கதையாத்தான் கேக்கும். இதில ரெண்டு பேரும் ஒத்துப்போக மாட்டம் போல.

உரும்பிராய்: வாட்ஸ்அப்பில “ஹலோ அண்ணை, ஒரு உதவி” எண்டு போட்டால் கனபேர் பதிலே போடுகினமில்லை, ஏன்?

என்ன உதவி எண்டு போடாததாலதான். “ஒரு உதவி செய்வியளோ” எண்டது வாசலில தட்டுறது. நேரில தட்டினால் உடன “ஓம், சொல்லும்” எண்டு வரும், விசயத்தைச் சொல்லலாம். வாட்ஸ்அப்பில அந்தத் தட்டு அஞ்சு மணித்தியாலம் தொங்கிக்கொண்டிருக்கும், அவர் காசோ பிணையோ எண்டு யோசிச்சுக்கொண்டிருப்பார். ஓம் எண்டால் என்னத்துக்கு ஓம் எண்டும் தெரியாது. முதல் மெசேச்சிலயே விசயத்தை எழுதுங்கோ: “அண்ணை, நாளைக்குக் கொழும்பு போறியள் எண்டு கேள்விப்பட்டன். அம்மாவின்ர கண்ணாடி வெள்ளவத்தையில ஒரு கடையில ரெடி, காசு கட்டியாச்சு. வழியில எண்டால் எடுத்து வருவியளோ? ஏலாட்டில் பரவாயில்லை, பாசலில போடச் சொல்லுவன்.” காரணம், அளவு, தப்பிக்க ஒரு வழி.

அனுராதபுரத்தில வேலை: சிங்களத்தில எப்பிடி மெதுவாக் கேக்கிறது?

எங்கட மாதிரித்தான், பயப்படாதேயுங்கோ. “பொட்டக்” எண்டது எங்கட ‘கொஞ்சம்’. “பொட்டக் பலன்ன” எண்டால் கொஞ்சம் பாருங்கோ. பெரிய உதவியெண்டால் “பொடி உதவ்வக் கரன்ன புளுவன்த”, ஒரு சின்ன உதவி செய்ய ஏலுமோ எண்டு. உடன விசயத்தையும் சொல்லுங்கோ.

ஜப்பானுக்குப் போகப்போற பெடியன்: அங்க?

வசனத்தை முடிக்காமல் விடுவினம். “சொத்தோ ஒனெகாய் கா அருன் தெசு கா…”, அதாவது “ஒரு சின்ன உதவி கேக்க இருக்கு, ஆனா…” எண்டு ‘ஆனா’வில நிறுத்துவினம், மிச்சம் மற்றாள் எடுக்க வேணும். அங்க போய் நிண்டு கேட்டுப் பழகும்.

சங்கானை: ரீச்சர், மெயிலில ப்ளீஸ் போட்டால் காணுமோ?

மேல சுன்னாகத்துக்கு எழுதினன், வாசியுங்கோ.

அளவெட்டி: ரீச்சர், “ஹாய் ஒரு சின்ன ஹெல்ப்” எண்டு மட்டும் போடலாமோ?

போடாதேயுங்கோ. விசயத்தை எழுதுங்கோ.

லண்டன்: உதவி செய்தாப் பிறகு வீட்டாக்களுக்கு ‘நன்றி’ சொன்னால் சிரிக்கினம். சொல்லாமல் விடுறதோ?

விடலாம், அது குறையில்லை. 2018இல எட்டு மொழியில வீடு வாசலில நடக்கிற சாதாரண உரையாடலைப் பதிஞ்சு பாத்தவை, இருபது தரத்தில ஒருக்காப் போலதான் நன்றி வருது. இங்கிலீசும் இத்தாலியும்தான் மற்ற மொழியளைவிடக் கூடச் சொல்லுறவை. ‘தாங்கோ’ எண்டு கேட்டு வாங்கினதைக் குடிச்சு முடிச்சிட்டு “நல்லா இருந்தது மாமி” எண்டு கோப்பையைக் கழுவி வைச்சால் அவவுக்குக் காணும். வெளியாக்கள், பாங்க், ஆசுப்பத்திரி எண்டால் “நன்றி” சொல்லுங்கோ, இல்லாட்டில் இப்ப எல்லாரும் சொல்லுற “தாங்க்ஸ்”உம் சரி.