பல்ப்பர் பொறுப்பும் பறிப்புப் பொறுப்பும்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில், பழத்தின் தோலை உரிக்கும் மெஷினான பல்ப்பரின் பொறுப்பு பார்க்கிறேன். எனக்கு 29 வயது, சேலத்துக்காரி. பறிப்பைப் பார்க்கும் மேஸ்திரி உள்ளூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பழ மூட்டைகள் இருட்டிய பிறகுதான் வருகின்றன, பச்சைக்காயும் நிறையக் கலந்திருக்கிறது. கேட்டால், "மலைச்சரிவுல வந்து நீ பறிச்சுப் பாரு" என்கிறார். போன வாரம் எடை போடும் இடத்தில் ஆட்கள் முன்னாலேயே இருவரும் கத்திக்கொண்டோம். அதிலிருந்து பேச்சு இல்லை. எது சொல்வதானாலும் வாட்ச்மேன் மூலம்தான். முதலாளி, "நீங்களே பேசித் தீர்த்துக்குங்க" என்று விட்டுவிட்டார். எப்படிப் பேசுவது?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: அவரிடம் போவதற்கு முன் நான்கைந்து நாள் ஒரு நோட்டு போடுங்கள். மூட்டை வந்து இறங்கிய நேரம், எத்தனை மூட்டை, எந்தப் பகுதியிலிருந்து வந்தது, பச்சை எவ்வளவு. பச்சையைக் கண்ணால் பார்த்து "நிறைய" என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு மூட்டையிலும் மேலாக ஒரு பிடி, கைவிட்டு நடுவிலிருந்து ஒரு பிடி என்று எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதில் 100 எண்ணுங்கள். அதில் எத்தனை பச்சையோ அதுவே சதவீதம். பத்து நிமிட வேலைதான். அதே நோட்டில் உங்கள் பக்கத்தையும் எழுதுங்கள்: கரண்ட் போன நேரம், பல்ப்பர் நின்ற நேரம், மூட்டை சீக்கிரம் வந்தும் நீங்கள் ஓட்டத் தாமதமான நாள். ஒரு பக்கத்தை மட்டும் எழுதிய நோட்டை அவர் புரட்டிப் பார்த்தால் அது புகார்ப் புத்தகமாகத்தான் தெரியும்.

"எப்பவும் லேட்டாத்தான் வருது" என்று நீங்கள் சொன்னால், சீக்கிரம் வந்த ஒரு நாளைச் சொல்லி அவர் ஜெயித்துவிடுவார். "செவ்வாய்க்கிழமை கீழ்ச்சரிவு மூட்டை 6.40-க்கு வந்தது" என்றால் அதை மறுக்க எதுவும் இல்லை. அடுத்து ஏன் என்றுதான் பேச வேண்டியிருக்கும். நோட்டு போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் கோபத்தில் எவ்வளவு காப்பிப் பழத்தால் வந்தது, எவ்வளவு அவர் பேச்சால் வந்தது என்று உங்களுக்கே பிரிந்து தெரியும். பேசப் போவது பழத்தைப் பற்றி மட்டும்.

இடமும் நேரமும் முக்கியம். பல்ப்பர் கொட்டகை உங்கள் இடம், எடைமேடை அவர் இடம், இரண்டும் வேண்டாம். டீக்கடை பெஞ்சு என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நடுவராகிவிடுவார். பூட்டிய அறையும் வேண்டாம், தோட்டத்தில் வேறு கதை கிளம்பும். காயப்போடும் களத்தின் ஓரம் தோதானது: நாலு பேர் கண்ணில் படும், காதில் விழாது. மாலையில் மூட்டை இறங்கும்போது இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. சம்பளம் போடும் நாளும் ஆகாது. காலையில் அவர் ஆட்களைப் பிரித்து அனுப்பி முடித்த பிறகு அரைமணி நேரம் கேளுங்கள். வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப்பிலும் போடாதீர்கள். நேரில் போய், "அண்ணே, பழம் வர்ற நேரத்தைப் பத்தி உங்ககிட்ட அரைமணி பேசணும். நாளைக்குக் காலையில தோதுப்படுமா, இல்ல நாளன்னைக்கா?" என்று கேட்டாலே போதும். எதைப் பற்றி என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், என்னவோ ஏதோ என்று ராத்திரியெல்லாம் யோசித்து விறைத்துக்கொண்டு வர மாட்டார்.

உட்கார்ந்ததும் முதலில் அந்தச் சத்தத்தை முடித்துவிடுங்கள். "அன்னைக்கு ஆளுங்க முன்னால நான் கத்தியிருக்கக் கூடாதுங்கண்ணே" – இவ்வளவுதான். அதோடு "ஆனா நீங்களும்…" என்று ஒட்டினால் முதல் வாக்கியம் செத்துப்போகும். கத்தியதற்குத்தான் வருத்தம். பச்சை வந்தது சரி என்று ஆகிவிடாது. அவரும் திருப்பி வருத்தம் சொல்ல வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த வயதுக்காரர்கள் பலர் அதை வாயால் சொல்ல மாட்டார்கள், டீ வாங்கிக் கொடுத்துக் காட்டுவார்கள்.

அடுத்து உங்கள் விஷயம். நடந்தது, அதனால் ஆவது, ஒரு கேள்வி. இந்த மூன்றுக்கு மேல் அந்தச் சுற்றில் எதுவும் வேண்டாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"போன வாரம் மூணு நாள் மூட்டை ஆறரைக்கு மேலதான் வந்துச்சுண்ணே. அன்னைக்கே ஓட்டலைன்னா சாக்குலயே சூடேறிப் புளிச்சுப்போகுது, கொட்டையில வாடை ஏறுது. பச்சை மெஷின்ல தோல் கழல மாட்டேங்குது. அதுக்காக இடைவெளியை இறுக்கினா நல்ல பழத்தோட கொட்டை வெட்டுப்படுது. அங்க மேல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. எதனால லேட்டாகுது, சொல்லுங்க."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கடினமான இடம் இதுதான். அவர் உடனே பதில் சொல்லாமல் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த மௌனத்தை நிரப்ப நீங்கள் இன்னொரு குறையை எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பறிப்பு வேலையில் மேஸ்திரிக்கு இருக்கும் நெருக்கடிகளை வைத்துப் பார்த்தால் பேச்சு இப்படிப் போக வாய்ப்புண்டு:

"ஏம்மா, எனக்கு மட்டும் ஆசையா? ஜீப்பு ஒண்ணுதான். கடைசியிலதான் கீழ்ச்சரிவுக்கு வருது. பொம்பளைங்க கிலோவுக்குக் கூலி வாங்குறாங்க, கிளையோட உருவத்தான் செய்வாங்க. பச்சையைக் கழிச்சு எடை போட்டா நாளைக்கு வேற தோட்டத்துக்குப் போயிருவாங்க. அப்புறம் யாரை வச்சுப் பறிக்கிறது?"

இதற்கு உங்கள் முதல் வாக்கியம் மறுப்பாக இருக்கக் கூடாது. அவர் சொன்னதை உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள்: "அப்போ ஜீப்பு கடைசியா வர்றதுதான் நேரத்துக்குக் காரணம். பச்சையைக் கழிச்சா ஆள் நிக்காதுங்கறது ரெண்டாவது. சரிதானுங்களா?" அவர் "ஆமா" என்று சொல்லும் வரை, அல்லது திருத்தும் வரை, அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒத்துக்கொண்டதாக இதற்கு அர்த்தம் ஆகாது. அவர் பேச்சு உங்கள் காதில் விழுந்தது என்று அவருக்குத் தெரிந்தால்தான் உங்கள் பேச்சு அவர் காதில் விழும்.

கவனித்தீர்களா, சண்டையின் வேர் உங்கள் இருவர் குணத்திலும் இல்லை. பறிக்கிறவர்களுக்கு எடைக்குக் கூலி, உங்களுக்குத் தரத்துக்குப் பொறுப்பு. இந்த ஏற்பாட்டில் அந்த இடத்தில் யார் நின்றாலும் உரசல் வரும். அதனால் பேச்சின் இரண்டாம் பாதியில் விஷயங்களை இரண்டாகப் பிரியுங்கள்: நீங்கள் இருவருமே முடிவு செய்யக்கூடியவை, முதலாளி மட்டுமே முடிவு செய்யக்கூடியவை. முதலாளி சொன்னது பாதிதான் சரி. ஜீப்பும் கூலியும் அவர் கையில் இருக்கின்றன. அவற்றை மேஸ்திரியோடு எவ்வளவு நேரம் வாதாடினாலும் தீராது.

உங்கள் இருவர் கையில் இருப்பது எது? பறித்த இடத்திலேயே படுதா விரித்துக் கொட்டிப் பச்சையைப் பொறுக்குவது ஒன்று. பொறுக்கிய பச்சையைத் தனிச் சாக்கில் கட்டி அனுப்பினால் அதைப் பல்ப்பரில் போடாமல் அப்படியே களத்தில் காயவைத்துவிடலாம், வீணாகாது. மதியம் வரை பறித்ததைச் சாயங்காலத்துக்காகக் காத்திருக்கவிடாமல் பாதைக்குக் கொண்டுவந்து வைப்பது இன்னொன்று. நீங்களும் ஒன்று தர வேண்டும். உதாரணமாக, கீழ்ச்சரிவு பறிக்கும் நாட்களில் எவ்வளவு நேரமானாலும் அன்றே ஓட்டிவிடுவது, 100 பழம் எண்ணுவதை அவரையோ அவர் ஆளையோ வைத்துக்கொண்டு எண்ணுவது. முதலாளியிடம் கேட்க வேண்டியவை இரண்டு: மதியம் ஜீப் ஒரு நடை கூடுதல், பச்சை பொறுக்கும் நேரத்துக்குக் கூலி. கிலோக் கூலி வாங்குகிறவர்களிடம் சும்மா பொறுக்கச் சொன்னால் அந்த ஏற்பாடு இரண்டு நாள் தாங்காது.

பேசி முடித்ததை அங்கேயே ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்தாறு வரி போதும்: யார், என்ன, எந்த நாளிலிருந்து. "இனிமே பார்த்துப் பண்ணிக்கலாம்" என்பதை எழுத முடியாது, அதனால் அது முடிவும் ஆகாது. "திங்கள் முதல் மேல்பகுதி மூட்டை ஐந்து மணிக்குள், பச்சை 100-க்கு 10-க்குள்" என்பதை எழுதலாம், சரிபார்க்கலாம். எண்ணை நீங்களாக வைக்காதீர்கள். இப்போது உங்கள் நோட்டில் 25 இருந்தால் முதல் வாரத்துக்கு 15 என்று அவரே சொல்லட்டும். கடைசிச் சுற்றில் மரத்தை முழுக்க உருவும்போது பச்சை எப்படியும் கூடும். அந்த நாட்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது என்பதையும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் ஜனவரியில் திரும்பவும் சண்டை. அந்தத் தாளை இருவரும் சேர்ந்தே முதலாளியிடம் கொண்டுபோங்கள். நீங்கள் தனியாகக் கொண்டுபோனால் அது கோள் சொன்னதாகிவிடும்.

பேச்சு தடம் மாறுவதும் தெரிந்துவிடும். போன வருஷக் கதை வந்தால், "ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று மூன்றாம் மனிதர் வந்தால், அல்லது உங்கள் குரல் உங்களுக்கே உரக்கக் கேட்டால், அன்றைக்கு அது போதும். "அண்ணே, இது நாளைக்குப் பேசிக்கலாம், இதே நேரம்" என்று நேரம் குறித்துவிட்டு எழுந்திருங்கள். நேரம் குறிக்காமல் எழுந்தால் அது கோபித்துக்கொண்டு போனதாகும்.

"சின்னப் பொண்ணு நீ, உனக்கென்ன தெரியும்" என்று அவர் ஒருமுறை சொன்னால், "வயசுல சின்னவதாங்கண்ணே, மெஷினைப் பத்தித்தான் சொல்றேன்" என்று பழத்துக்குத் திரும்பிவிடலாம். ஆனால் ஊரைச் சொல்லியோ சாதியைச் சொல்லியோ பெண் என்பதற்காகவோ கேவலப்படுத்தினால், தகாத முறையில் நடந்தால், தனியாக உட்கார்ந்து பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை அது. அன்றே எழுத்தில் முதலாளியிடம் போக வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இருந்தால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள், அதற்குப் பதில் வேறு.

ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து நோட்டைப் பாருங்கள். 25 என்பது 18 ஆகியிருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள், அவர் ஆட்கள் காதில் விழும்படியே சொல்லலாம். நேரம் மட்டும் மாறவில்லை என்றால் அநேகமாக ஜீப் இன்னும் ஒரு நடைதான் வருகிறது. அப்போது முதலாளியிடம் கேட்க வேண்டியவர்கள் நீங்கள் இருவரும்.