கேள்வி-பதில்: செலவுக் குறைப்புத் திட்டத்துக்கான முன்மொழிவு

“ஆலையின் அனைத்துச் செலவுகளையும் குறைத்தல்” என்று பணி எல்லையை எழுதலாமா? (கிண்டி)

கூடாது. ஸ்கிராப், மின்சாரம், கட்டிங் டூல் என்று இரண்டு மூன்று தலைப்புகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். சம்பளம், வங்கி வட்டி போன்று நீங்கள் தொடப்போகாதவற்றையும் தனி வரியில் குறிப்பிடுங்கள்.

சேமிப்பில் 20 சதவீதம் கட்டணம் என்று பேசினோம். அம்பத்தூர் பிரஸ் ஷாப் ஒன்றில் மாத மின்கட்டணம் 4 லட்சத்திலிருந்து 3.3 லட்சமாகக் குறைந்தது. என் பங்கான 14,000 ரூபாயை முதலாளி தர மறுக்கிறார். (அண்ணா நகர்)

உற்பத்தி மாதம் ஒரு லட்சம் பீஸிலிருந்து 80,000 பீஸாகக் குறைந்ததைக் கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதல் வரியில் வந்திருக்க வேண்டிய செய்தி அது. பீஸ் குறைந்தால் மின்கட்டணம் தானாகவே குறையும்; அது உங்கள் உழைப்பால் வந்த சேமிப்பு ஆகாது.

முதலாளியோ பீஸுக்கு 4 ரூபாயாக இருந்த மின்செலவு 4.12 ஆக உயர்ந்துவிட்டது என்கிறார். அந்தக் கணக்கும் சரியன்று. நீங்கள் அனுப்பிய பில்லில் ஏறக்குறைய 1 லட்சம் டிமாண்ட் கட்டணம். உற்பத்தி குறைந்தாலும் அது குறையாது. மீதி 3 லட்சத்தை ஒரு லட்சம் பீஸுக்குப் பிரித்தால் பீஸுக்கு 3 ரூபாய் ஆகிறது. எனவே 80,000 பீஸுக்கு 2.4 லட்சமும் நிலையான 1 லட்சமுமாக 3.4 லட்சம் வந்திருக்க வேண்டும், வந்ததோ 3.3 லட்சம். உண்மைச் சேமிப்பு 10,000 ரூபாய், உங்கள் பங்கு 2,000 ரூபாய்.

பலமுறை எழுதிவிட்டேன், மறுபடியும் எழுதுகிறேன்: அடிப்படைக் கணக்கில் இருவரும் கையெழுத்திடாமல் சேமிப்பில் பங்கு கேட்காதீர்கள். கடந்த 12 மாத பில்கள், அதே மாதங்களின் உற்பத்தி, நிலையான செலவு எது, மாறும் செலவு எது என்ற பிரிவினை, இவை மூன்றும் முன்மொழிவின் இணைப்பாக இருக்க வேண்டும். மின்கட்டண விகிதத்தையும் தகட்டின் விலையையும் தொடக்க நாள் விலையிலேயே நிறுத்திக் கணக்கிடுவதாக எழுதிவிட்டால், சந்தை விலை இறங்கியதற்கு நீங்களோ, ஏறியதற்கு அவரோ உரிமை கொண்டாட முடியாது.

எட்டு வாரத்தில் முடிப்பதாக எழுதினேன். ஐந்து வாரமாகியும் டேலி தரவு கைக்கு வரவில்லை. (பெருங்குடி)

கேட்ட தரவு முழுவதும் கிடைத்த நாளிலிருந்தே காலக்கெடு தொடங்கும் என்று எழுதாதது உங்கள் தவறு. இப்போதாவது புதிய தேதிகளைக் குறிப்பிட்டு அவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள்.

அறிக்கை கொடுத்துவிட்டால் பணி முடிந்ததா? (போரூர்)

என்ன ஆலை, எதைத் தருவதாக ஒப்புக்கொண்டீர்கள் என்று ஒரு சொல்கூட எழுதாமல் கேட்டால் நான் எப்படிப் பதில் சொல்வது? முன்மொழிவின் நகலை அனுப்புங்கள்.

கட்டணம் 3 லட்சம் என்றால் ஜிஎஸ்டி அதில் அடக்கமா? (தாம்பரம்)

நீங்கள் பதிவு பெற்றவரானால் “18 சதவீத ஜிஎஸ்டி தனி” என்று எழுதுங்கள். எழுதாவிட்டால், அந்த 54,000 ரூபாய் யார் தலையில் விழும் என்பதே வழக்காகிவிடும்.