காவுக்கு எல்லை உண்டு, ஆற்றுக்கு இல்லை

கேள்வி: மரத்தையும் ஆற்றையும் தெய்வமாகக் கும்பிட்ட சனம் நாங்கள். சூழல் பாதுகாப்பை எங்கள் சமயம் எப்போதோ சொல்லிவிட்டது. பிறகு எதற்குக் கோயில்களைக் குறை சொல்லிக் கட்டுரை போடுகிறீர்கள்?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: கும்பிட்டதால் மட்டும் எந்தக் காடும் தப்பவில்லை. தப்பிய இடங்களில் எல்லாம், இந்த எல்லைக்குள் கத்தி வைக்கக் கூடாது என்றொரு கட்டுப்பாடு இருந்தது. மீறினவனைக் கேட்க ஊரில் ஆளும் இருந்தது.

கர்நாடகத்தின் குடகை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஊருக்கு ஊர் 'தேவரகாடு' என்ற சாமிக்காடு, அதாவது காவு, உண்டு. ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. பல காடுகளில் தெய்வம் வேட்டைக்கு அதிபதியான ஐயப்பன். நேர்த்திக்கு வைத்த மண் நாய்கள் மரத்தடியில் குவிந்து கிடக்கும். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அழியும் நிலையிலுள்ள சில மரங்கள் அரசின் ஒதுக்குக் காட்டைவிட இந்தச் சிறு காவுகளில் அதிகமாக நிற்பதைக் கண்டது. இதுவரை உங்கள் பக்கம்தான் நியாயம்.

ஆனால் 1905இல் இந்தக் காவுகளின் பரப்பு ஏறக்குறைய 15,500 ஏக்கர். 1985இல் மிஞ்சியது 6,300 ஏக்கர் அளவில். அந்த எண்பது வருடத்தில் யாரும் சாமியை விட்டுவிடவில்லை. கோப்பித் தோட்டம் ஓரத்திலிருந்து உள்ளே நகர்ந்தது, குடியிருப்பு வந்தது. இன்னொன்றும் நடந்தது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: வெட்டவெளியில் கல்லாக இருந்த தெய்வத்துக்குச் சில இடங்களில் பெரிய கோயில் எழும்பியது. அதுவரை காடே கோயில். கட்டடம் வந்தபிறகு காடு வெறும் சுற்றுப்புறம். மண்டபத்துக்கு இடம் வேண்டும் என்றால் மரம் போகும். பக்தி கூடக்கூடக் காடு குறையவும் முடியும்.

இதற்கும் திருகோணமலைக்கும் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்களில் பாலை, வீரை மரங்களுக்குக் கீழே இருக்கும் பிள்ளையாரையும் வைரவரையும் போய்ப் பாருங்கள். மேலே பார்க்காதீர்கள், பச்சையாகத்தான் இருக்கும். நிலத்தைப் பாருங்கள். பெரிய மரத்தின் சொந்தக் கன்றுகள் முழங்கால் உயரத்திலும் ஆளுயரத்திலும் நிற்கின்றனவா? இல்லாமல், ஓரத்தில் உண்ணிச்செடி மட்டும் அடர்ந்திருந்தால் அந்தக் காவு உள்ளுக்குள் முடிந்துகொண்டிருக்கிறது. இன்றைய மரம் விழுந்தால் அந்த இடத்துக்கு வர அடுத்தது இல்லை. காரணம் பெரும்பாலும் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கும்: தினமும் வேர்வரை கூட்டி எரிக்கிற சருகு, உள்ளே மேயும் ஆடு, திருப்பணியில் அடிமரம்வரை போட்ட சீமெந்து. எல்லாம் நல்ல மனதோடு செய்ததுதான்.

ஆற்றின் விஷயம் வேறு. காவில் சடங்கு 'எடுக்காதே' என்கிறது. ஆற்றிலோ 'வந்து முழுகு, பூவைப் போடு, சாம்பலைக் கரை' என்கிறது. மேலே இருந்து வரும் கழிவை நிறுத்தவோ, அடியிலிருந்து மணல் அள்ளுவதைத் தடுக்கவோ அதில் ஒரு விதியும் இல்லை. காசியில் சங்கட மோசன் கோயிலின் மஹந்தாக, அதாவது தலைமைக் குருவாக, இருந்த வீரபத்ர மிஸ்ரா, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியராகவும் இருந்தவர். கங்கையில் முழுகுவார், அதே படித்துறையில் ஆய்வுகூடம் வைத்துத் தண்ணீரில் மலக்கிருமியையும் எண்ணவைத்தார். கங்கை அழுக்கு என்று சொன்னால் பக்தர்கள் காது கொடுக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர்களுக்குக் கங்கை புனிதம், எது கலந்தாலும் புனிதம். அந்த நம்பிக்கையே சாக்கடைக் குழாயைப் பார்க்கவிடாமல் செய்கிறது. எனவே, உங்கள் தாயின் மேல் கழிவை ஊற்றுகிறார்கள் என்று பேசினார். 1982இல் அமைப்புத் தொடங்கிப் பல வருடம் போராடினார். அப்படியிருந்தும் மேலே உள்ள நகரங்களின் குழாய்களை ஒரு கோயிலால் மூட முடியவில்லை.

மாவலி கங்கையும் அப்படித்தான். மலைநாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியார்க்குடாவில் விழுகிறது. அதன் கிளையான வெருகல் ஆற்றங்கரையில் வேலவனைக் கும்பிடுகிற அடியார்களுக்குக் கண்டியில் ஆற்றுக்குள் என்ன விடுகிறார்கள் என்பதில் ஒரு பிடியும் இல்லை. ஆனால் கீழே டிப்பரில் மணல் போவது எங்கள் கண்முன்னே. அடித்தளம் தாழ்ந்தால் வரட்சிக் காலத்தில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும், அப்புறம் கரையோரக் கிணறு உவரும். அதைக் கேட்கத் தேரோட்டத்துக்குக் கூடுகிற கூட்டத்துக்கு வலு உண்டு. அந்த வலுவைப் பயன்படுத்தச் சொல்லித்தான் எழுதினோம், இன்னும் எழுதுவோம்.

நீங்களும் பரிபாலன சபையில் இருப்பவராக இருந்தால், அடுத்த கூட்டத்தில் மூன்றைக் கேளுங்கள்: காவின் எல்லையை அளந்து எழுதி வைத்திருக்கிறார்களா, திருப்பணி வரைபடத்தில் எத்தனை மரம் போகிறது, ஒரு பக்கத்தையாவது கூட்டாமல் ஆட்டுக்கு வேலி போட்டு விடலாமா. பதில் கிடைத்தால் அனுப்பி வையுங்கள், இதே பக்கத்தில் போடுகிறோம்.