வடை விழுகிற மூன்றரை நொடி

அன்புள்ள ஐயா,

என் மகளுக்காகப் பாட்டி வடை சுட்ட கதையைச் சின்ன அனிமேஷன் வீடியோவாகச் செய்துகொண்டிருக்கிறேன். க்ரிட்டா என்ற வரையும் செயலியில் நானே வரைகிறேன். காகம் பாட வாயைத் திறக்கும், வடை கீழே விழும். அந்த இடம் மட்டும் சரியாக வரவில்லை. நொடிக்கு 24 படம் என்று படித்து எல்லாவற்றையும் பொறுமையாக வரைந்தேன். ஆனாலும் காகம் தண்ணீருக்குள் மிதப்பதுபோல இருக்கிறது, வடை மெதுவாக இறங்கி வருகிறது. இன்னும் நிறைய படம் வரைய வேண்டுமா?

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

குறைவாக வரையுங்கள். இந்த ஷாட்டுக்குக் காகத்தின் படங்கள் பத்து போதும். மிதக்கிற உணர்வு வருவதற்குக் காரணம், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே எல்லா இடத்திலும் ஒரே அளவு தூரம் விட்டிருப்பது. அதோடு காகம் எங்குமே நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்றும் ஊகிக்கிறேன். நொடிக்கு 24 ஃப்ரேம் என்பது வீடியோ ஓடும் வேகம். ஒரே படத்தை இரண்டிரண்டு ஃப்ரேம் வைத்தால் நொடிக்கு 12 படம்தான் ஆகும். கையால் வரைகிற அனிமேஷனில் பெரும்பகுதி அப்படித்தான் வருகிறது, கண்ணுக்கும் உறுத்துவதில்லை.

முதலில் மூன்று போஸ் மட்டும் வரையுங்கள். முதல் போஸில் காகம் கிளையில் உட்கார்ந்து, வாயில் வடையோடு கீழே நரியைப் பார்க்கிறது. இரண்டாவதில் கழுத்தை உள்ளிழுத்து, நெஞ்சை உப்பி, கண்ணை மூடிக்கொள்கிறது. மூன்றாவதில் கழுத்து முன்னும் மேலுமாக நீள, அலகு அகலத் திறந்திருக்கிறது, வால் தாழ்ந்திருக்கிறது. நீங்கள் இரண்டாவதை விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், புதிதாகச் செய்கிற எல்லோரும் விடுவது அதைத்தான். பாடுவதற்கு முன் மூச்சை இழுப்பதைக் காட்டினால்தான் குழந்தையின் கண் காகத்தின் மேல் வந்து நிற்கும், அடுத்து நடப்பதைப் பார்க்கத் தயாராகும். அது இல்லாவிட்டால் அலகு திறந்ததே தெரியாமல் போய்விடும்.

மூன்று போஸையும் முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். அலகும் வடையும் உடம்பின் கறுப்புக்குள் மறைந்தால் அந்தப் போஸ் தேறாது. காகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, அலகுக்குப் பின்னால் வெறும் வானம் இருக்கும்படி வையுங்கள். நம் ஊர்க் காகத்துக்குக் கழுத்து சாம்பல் நிறம் என்பதும் வசதி. அதை அப்படியே தீட்டினால் கழுத்து சுருங்குவதும் நீள்வதும் தனியாகத் தெரியும்.

இனி ஃப்ரேம் கணக்கு. 1 முதல் 24 வரை முதல் போஸ் அசையாமல் நிற்கட்டும். உயிரில்லாததுபோல் தெரியாமலிருக்க நடுவில் ஒரு கண் சிமிட்டல் போதும்: 13ல் பாதி மூடிய கண், 15ல் முழுக்க மூடியது, 17ல் மறுபடி அதே பாதி மூடிய படம், 19ல் பழையபடி. க்ரிட்டாவில் ஒரு கீஃப்ரேம் அடுத்த கீஃப்ரேம் வரும்வரை தானாகவே நிற்கும். அதே படத்தை 24 முறை நகலெடுக்காதீர்கள், பிறகு அலகில் ஒரு கோட்டைத் திருத்த வேண்டியிருந்தால் 24 இடத்தில் திருத்த வேண்டும்.

25, 27, 29 ஆகியவற்றில் மூன்று இடைப்படங்கள். முதலாவது முதல் போஸை ஒட்டியும், இரண்டாவது நடுவிலும், மூன்றாவது மூச்சிழுத்த போஸை ஒட்டியும் இருக்கட்டும். முன்பின் படங்களை மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின்னைப் போட்டுப் பார்த்தால் கோடுகள் இரு முனையிலும் நெருங்கியும் நடுவில் விலகியும் தெரிய வேண்டும். தலை நேர்கோட்டில் இறங்கினால் இயந்திரம்போலத் தெரியும், சற்று வளைந்து இறங்கட்டும். 31ல் மூச்சிழுத்த போஸ், 40 வரை அப்படியே.

அடுத்தது பாய்ச்சல். இங்கே ஒரே ஒரு இடைப்படம்தான், 41ல். 43ல் கழுத்து வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நீண்ட படம், 45ல் சரியான மூன்றாவது போஸ். மெதுவாகச் சேர்த்ததை வேகமாக விடும்போதுதான் காகத்துக்கு எடை வருகிறது. ‘கா’ என்ற ஒலியை 44லோ 45லோ தொடங்குங்கள். அலகு ஒலிக்கு ஒன்றிரண்டு ஃப்ரேம் முன்னால் திறந்தால் பொருத்தமாகத் தெரியும், பின்னால் திறந்தால் உடனே பிசகு தெரிந்துவிடும்.

வடைக்கு வருவோம். விழுகிற பொருள் ஒரே வேகத்தில் இறங்காது. சம இடைவெளி நேரத்தில் அது கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடிக்கொண்டே போகும். உங்கள் திரையில் அலகிலிருந்து தரை வரை 640 பிக்சல், வடையின் அகலம் 80 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அலகு திறந்தவுடன் விழவிடாமல் 47 வரை அங்கேயே நிறுத்துங்கள். பிறகு அலகிலிருந்து கீழே 49ல் 10 பிக்சல், 51ல் 40, 53ல் 90, 55ல் 160. இதற்குமேல் இரண்டிரண்டு ஃப்ரேமாகப் போனால் ஒவ்வொரு தாவலும் வடையின் அகலத்தைவிடப் பெரிதாகி, ஒரு வடை விழுவதற்குப் பதில் பல வடைகள் மின்னி மறைவதுபோல் தெரியும். எனவே 55க்குப் பின் ஒவ்வொரு ஃப்ரேமிலும் நகர்த்துங்கள்: 202, 250, 302, 360, 422, 490, 562, கடைசியாக 63ல் 640. உங்கள் வடை மெதுவாக இறங்கியதற்கு இந்த ஏறுவரிசை இல்லாததே காரணம். மொத்தம் 16 ஃப்ரேம், ஒரு நொடியில் மூன்றில் இரண்டு பங்கு. நிஜத்தில் அவ்வளவு நேரத்தில் ஒரு பொருள் ஏறக்குறைய 2.2 மீட்டர் விழும், தாழ்ந்த கிளைக்குப் பொருத்தமான உயரம்.

தரையில் பட்டதும் மூன்று ஃப்ரேமில் 22 பிக்சல் மேலே எழும்பி, மூன்று ஃப்ரேமில் கீழே வந்து நிற்கட்டும். பந்துபோல நசுக்கி விரிக்க வேண்டாம், அது வடை. ஷாட்டை 84 வரை, அதாவது மூன்றரை நொடி வரை, நீட்டுங்கள். வடை கிடப்பதைச் சின்னக் குழந்தை பார்த்து, போய்விட்டது என்று புரிந்துகொள்ள அந்தக் கடைசி அசைவின்மை தேவை. நரி அதற்குள் நுழையக் கூடாது. இரண்டு இடத்தில் ஒரே சமயம் அசைவு இருந்தால் குழந்தை ஒன்றை மட்டும்தான் பார்க்கும்.

லேயரில் ஒரு சிக்கல் வரும். வடை அலகில் இருக்கும்வரை தலை நகரும்போதெல்லாம் அதுவும் நகர வேண்டும், அதனால் அதைக் காகத்தின் லேயரிலேயே வரைந்துவிடுங்கள். 43லிருந்து தனி லேயரில் ஒரே வடைப் படத்தை நகர்த்தினால் போதும். மாறுகிற அந்த ஃப்ரேமில் வடையின் அளவு துளி மாறினாலும் துள்ளும், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சரிபாருங்கள்.

இவ்வளவு செய்தும் வடை விக்கி விக்கி விழுந்தால் வரைந்ததைத் தொடாதீர்கள். குரலைச் சேர்க்கிற எடிட்டிங் செயலியில் வேகம் 30 என்று இருக்கிறதா பாருங்கள். 24 ஃப்ரேம் வீடியோவை 30ல் ஓட்டும்போது நான்கு ஃப்ரேமுக்கு ஒருமுறை ஒரு படம் இரட்டிக்கும், வேகமான அசைவில்தான் அது முதலில் கண்ணில் படும். அங்கும் 24 என்று மாற்றி மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள்.