வரிசையா, மரமா? எட்டு பிட் சமன்காணும் சுற்று: கேள்வி பதில்

ஏ, பி என்ற இரண்டு எட்டு பிட் எண்களைப் பிட் பிட்டாக ஒப்பிடும் எட்டு எக்ஸ்நார் கேட்டின் வெளியீடுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏழு ஆண்ட் கேட்டில் சேர்த்தாலும் அதே விடைதானே வரும்? இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டு போகும் மரம் எதற்கு?

கடைசியில் வந்து நிற்கும் விடை ஒன்றுதான். கேட் எண்ணிக்கையும் மாறாது. மரத்திலும் நான்கு, இரண்டு, ஒன்று என ஏழுதான். மரம் வேகமானது என்று சொல்லிப் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

ஒரு கேட்டைக் கடக்க 10 நானோநொடி ஆவதாக வைத்துக்கொள்ளுங்கள். பி முழுவதும் பூச்சியம். ஏ, 10000000 என்பதிலிருந்து 00000001 ஆக மாறுகிறது. முன்பும் சமமில்லை, பின்பும் சமமில்லை. வெளியீடு அசையவே கூடாது. ஆனால் வரிசையில் 7ஆம் பிட்டின் எக்ஸ்நார் கடைசி கேட்டுக்குள் நேராக நுழைகிறது. "நான் ஒத்துப்போய்விட்டேன்" என்ற அதன் செய்தி 10 நானோநொடியில் வாசலுக்கு வந்துவிடும். 0ஆம் பிட் வேறுபட்ட செய்தியோ ஏழு கேட்டையும் கடந்து 70ஆவது நானோநொடியில்தான் வந்து சேர்கிறது. இடைப்பட்ட 60 நானோநொடியும் சுற்று "சமம்" என்று பொய் சொல்கிறது.

மரத்தில் எந்தப் பிட்டுக்கும் மூன்று கேட்தான். இரண்டு செய்திகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேரும். கேட்டுக்குக் கேட் உள்ள சிறு வேறுபாட்டால் கணநேரப் பொய்த் துடிப்பாக மெல்லிய முள் ஒன்று அப்போதும் எழலாம். ஆகவே இந்த வெளியீட்டை எதனுடைய கிளாக் காலிலும் ரீசெட் காலிலும் நேராகக் கொடுக்காதீர்கள்.

ஏ பெரியதா பி பெரியதா என்று இதில் எந்த கேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

எதிலும் தெரியாது. அதற்கு 74எச்சி85 போன்ற அளவு ஒப்பீட்டுச் சிப் வேண்டும்.

ரிப்பிள் கவுன்ட்டரை 120 உடன் ஒப்பிட்டு, வரும் துடிப்புகளை எண்ணுகிறேன் ஐயா. 256 எண்ணிக்கைக்கு ஒன்று வரவேண்டிய இடத்தில் நான்கு வருகிறது. எக்ஸ்நார் சிப்பை இரண்டு முறை மாற்றிவிட்டேன்.

சிப்பில் பழுதில்லை, மூன்றாவது முறை மாற்ற வேண்டாம். உங்கள் கவுன்ட்டர் உண்மையிலேயே நான்கு முறை 120ஐத் தொடுகிறது. ரிப்பிள் கவுன்ட்டரில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் மாறும். 121இலிருந்து 122க்குப் போகும்போது முதலில் கடைசி பிட் மட்டும் விழுகிறது. அந்தக் கணத்தில் அங்கே இருப்பது 120. 123இலிருந்து 124க்குப் போகும் வழியிலும், 127இலிருந்து 128க்குப் போகும் வழியிலும் அப்படியே. மரம் பார்த்ததைத்தான் சொன்னது. எல்லாப் பிட்டுகளும் அடங்கிய பிறகு, கிளாக்கின் எதிர் விளிம்பில், ஒரு டி ஃபிளிப்-ஃபிளாப்பில் வெளியீட்டைப் பிடித்து அதை எண்ணுங்கள். எட்டு நிலைகளின் தாமதமும் மரத்தின் தாமதமும் சேர்ந்து அரைத் துடிப்புக்குள் அடங்க வேண்டும்.

மரமாகவே போட்டுவிட்டேன். இனி ரீசெட்டில் நேராகக் கொடுக்கலாம் அல்லவா?

கூடாது. முதல் பதிலின் கடைசி வரி.

இரண்டு பக்கமும் 0 வைத்தால் சரி, 255 வைத்தால் சரி. 1 வைத்தால் சமமில்லை என்கிறது.

ஒரு பக்கத்து எட்டுக் கம்பிகளையும் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முன்னும் பின்னும் ஒன்றுபோல் வாசிக்கும் 16 எண்கள் மட்டும் தப்பிவிடும். 0, 255 இரண்டும் அவற்றில் சேர்த்தி. 1, 2, 4 என்று 128 வரை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள்.

மரமே தேவையில்லை. 74எல்எஸ்266 என்ற எக்ஸ்நார் சிப்பின் வெளியீடு ஓப்பன் கலெக்டர்; 0க்கு இழுக்கும், 1க்குத் தானாக ஏற்றாது. எட்டையும் ஒரே கம்பியில் கட்டி ஒரு புல்-அப் ரெசிஸ்டர் வைத்தால் கம்பியே ஆண்ட் ஆகிவிடும். ஏன் சொல்லவில்லை?

சொல்லியிருக்க வேண்டும், நல்ல வழி. ஆனால் அந்தக் கம்பி விழுவது வேகமாக, எழுவது மெதுவாக. 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், கம்பியில் 50 பிக்கோஃபாரட் என்றால் கால மாறிலியே 50 நானோநொடி. மூன்று நிலை மரம் 30இல் முடித்துவிடும்.

அந்த மெதுவான ஏற்றம்தானே நீங்கள் பயப்படும் முள்ளை விழுங்குகிறது! என் பலகையில் பல ஆண்டுகளாக ரீசெட்டில் நேராகவே கொடுத்திருக்கிறேன், ஒருநாளும் தவறியதில்லை.

குறுகிய முள்ளை விழுங்கும், மறுக்கவில்லை. நீளமான முள்ளை விழுங்காது. மேலே கேட்ட நண்பரின் கவுன்ட்டரில் போகும் வழியில் தோன்றும் 120 நிற்கும் நேரம் ஒரு நிலையின் தாமதம். மெதுவான கவுன்ட்டர் என்றால் அது 50ஐத் தாண்டும். கம்பி நீளமும் ரெசிஸ்டரும் மாறினால் உங்கள் பாதுகாப்பும் மாறிவிடும்.

என் கவுன்ட்டர் ரிப்பிள் இல்லை, எட்டுப் பிட்டும் ஒன்றாக மாறும். அப்போது?

அப்போது உங்கள் பக்கம் நியாயம் கூடுகிறது. ஆனாலும் நான் ஃபிளிப்-ஃபிளாப்பை எடுக்க மாட்டேன். 127இலிருந்து 128க்கு மாறும் இடத்தில் அலைக்காட்டியை வைத்து, கம்பி எத்தனை வோல்ட் வரை எழுகிறது என்று அளந்து எழுதுங்கள். பார்த்துவிட்டுப் பேசுவோம்.