திர்ஹமை ரூபாயாக்க நாள் பார்க்க வேண்டுமா?

கேள்வி: துபாயில் வேலை பார்க்கிறேன். வீட்டுக் கடனுக்கும் வீட்டுச் செலவுக்கும் மாதம் 5,000 திர்ஹம் ஊருக்கு அனுப்புகிறேன். ரூபாய் இன்னும் விழட்டும் என்று காத்திருந்து அனுப்பினால் லாபமா? ஆறு மாதம் கழித்து மனைக்காக 15 லட்சம் மொத்தமாகத் தேவைப்படும். அதற்கு என்ன செய்வது?

மாதாந்திரப் பணத்துக்கு நாள் பார்ப்பதால் கிடைப்பதைவிட, எங்கே மாற்றுகிறோம் என்று பார்ப்பதால் கிடைப்பதே அதிகம். மனைப் பணத்துக்கு வேறு கணக்கு.

திர்ஹம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று நிலையாகக் கட்டப்பட்டிருப்பதால், நீங்கள் கவனிக்க வேண்டியது டாலர்–ரூபாய் விலையை மட்டுமே. டாலர் 84.50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 3.6725ஆல் வகுக்கத் திர்ஹம் 23.01 ரூபாய் ஆகிறது. இணையத்தில் தேடினால் கிடைக்கும் இந்த ஸ்பாட் ரேட், வங்கிகள் தங்களுக்குள் பெருந்தொகையாக வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள எண். எக்ஸ்சேஞ்ச் கவுன்டரில் நமக்குச் சற்றுக் குறைவாகவே தருவார்கள். அந்தக் குறைவுதான் நாம் கொடுக்கும் ஸ்ப்ரெட். ரசீதில் அது எங்கும் கட்டணமாக அச்சாவதில்லை.

ஒரு கடை "கட்டணமே இல்லை" என்று எழுதிவைத்து 22.80 தருகிறது; மற்றொன்று 20 திர்ஹம் கட்டணம் வாங்கிக்கொண்டு 22.93 தருகிறது என்று கொள்வோம். உங்கள் 5,000 திர்ஹமுக்கு முதல் கடையில் 1,14,000 ரூபாயும், இரண்டாவதில் 4,980 திர்ஹம் மட்டுமே மாறி 1,14,191 ரூபாயும் ஊர் சேரும். ஆயிரம் திர்ஹம்தான் அனுப்புகிறீர்கள் என்றால் முதல் கடையே மேல். ஏறத்தாழ 3,500 திர்ஹமில் இரண்டும் சமமாகின்றன. ஆகவே ஊர்க் கணக்கில் வரவான ரூபாயை, கையிலிருந்து போன மொத்தத் திர்ஹமால் வகுத்துப் பார்ப்பதுதான் ஒப்பிடும் வழி. திர்ஹமாகவோ டாலராகவோ வங்கி வழியாக அனுப்பினால், ரூபாயாக்கும் வேலையை ஊர் வங்கி தன் விலையில் செய்யும். இடையிலுள்ள வங்கியும் கட்டணம் பிடிக்கக்கூடும். அந்த வழியில் வகுத்துப் பார்ப்பது இன்னும் அவசியம்.

இனி காத்திருப்பதைப் பற்றி. 2014 இறுதியில் சுமார் 63 ரூபாயாக இருந்த டாலர், 2024 இறுதியில் 85ஐத் தாண்டியது; ஆண்டுக்கு ஏறத்தாழ 3 சதவீதம், மாதத்துக்குக் கால் சதவீதம். உங்கள் கடன் வட்டி 8.5 சதவீதம் என்றால், தவணைக்கு மேல் மிஞ்சும் பணத்தைக் கடனில் முன்கூட்டிக் கட்டாமல் ஒரு மாதம் வைத்திருப்பதன் செலவு 0.7 சதவீதம். ரூபாய் சராசரி வேகத்தில் விழுந்தாலும் காத்திருப்பவருக்கு நட்டமே. 2023 முழுவதும் டாலர் ஏறத்தாழ 81 முதல் 83.50 வரை என்ற குறுகிய எல்லைக்குள்ளேயே நின்றதும் நினைவிருக்கட்டும். சம்பளம் வந்த வாரத்தில் ஒரு வேலைநாளில் அனுப்பிவிடுங்கள். சனி, ஞாயிறுகளில் சந்தை மூடியிருக்கும்போதும் கவுன்டர் திறந்திருக்கும். ஆனால் திங்கட்கிழமை விலை எப்படித் திறக்குமோ என்ற பயத்துக்கும் சேர்த்து ஸ்ப்ரெட்டை விரித்து வைப்பது வழக்கம்.

மனைப் பணத்தில் தேவை ரூபாயில், தேதியும் தெரிந்தது. எனவே உங்களுக்கு ஆபத்து ரூபாய் விழுவதில் இல்லை, ஏறுவதில்தான் இருக்கிறது. அப்படியும் நடக்குமா என்று நம்மவர்கள் சிரிப்பார்கள்! 2013 ஆகஸ்ட் இறுதியில் 68ஐத் தாண்டிய டாலர், அக்டோபரில் 62க்குக் கீழே வந்தது. திர்ஹம் 23இல் இருக்கும்போது 15 லட்சத்துக்கு 65,217 திர்ஹம் போதும். அது பத்து சதவீதம் இறங்கி 20.70 ஆனால் 72,464 தேவை. ஏழாயிரத்துச் சொச்சம் கூடுதலாகத் தேட வேண்டும்.

பின்னொரு தேதிக்கான விலையை இன்றே முடிவுசெய்யும் ஃபார்வர்டு ஒப்பந்தம் இருக்கிறது என்றாலும், இந்த அளவுத் தொகைக்கு அதன் தாள் வேலையும் வங்கி வைக்கும் இடைவெளியும் கட்டுப்படியாகாது. கைவசம் உள்ள சேமிப்பில் பாதியை இப்போதே மாற்றி, மீதியை ஆறு மாதங்களிலும் சம பங்காக மாற்றுவதே, விலை மாறும் ஆபத்தைக் குறைக்கும் எளிய ஹெட்ஜிங். பாதி மாறியதுமே மேற்சொன்ன ஏழாயிரம் மூவாயிரத்து அறுநூறாகச் சுருங்கிவிடும். ரூபாய் விழுந்தால் கிடைக்கக்கூடிய லாபமும் அதே அளவு சுருங்கும், அதுதான் விலை. மாற்றிய பணத்தை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ வைப்பு நிதியில் போடாதீர்கள். ஓராண்டுக்கு முன் எடுத்தால் அதற்கு வட்டியே கிடையாது. உங்களுக்கோ ஆறாம் மாதம் பணம் வேண்டும். என்ஆர்இ சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும்.