அபராதப் பிடித்தம்: விதியையும் கணக்கையும் கேட்பது எப்படி?

"இணைய விற்பனைத் தளத்தில் பொருள் விற்கிறேன். மூன்று வாரமாகத் தளம் தரும் பட்டுவாடாவில் பணம் குறைகிறது. 'அபராதம்' என்று மட்டும் இருக்கிறது. கேட்டால் 'விதிப்படி' என்கிறார்கள். என்ன செய்வது?"

மொத்தத் தொகையை வைத்துக் கேட்காதீர்கள், பொதுவான பதில்தான் வரும். பட்டுவாடா அறிக்கையை ஆர்டர் வாரியாக இறக்கி, அபராத வரிகளை மட்டும் பிரித்தெடுங்கள். ஒவ்வொரு பிடித்தத்தையும் அந்த ஆர்டரின் பொருள் விலையால் வகுத்து, விதியில் சொன்ன சதவீதம்தான் வருகிறதா என்று பாருங்கள்.

எனக்கு இப்படித்தான் பிடிபட்டது. பொருள் விலை 1000, அனுப்பும் கட்டணம் 80. தாமத அபராதம் பொருள் விலையில் 5% என்பது விதி; 50 பிடித்திருக்க வேண்டும். பிடித்ததோ 54. அதாவது 1080-க்கு 5%. அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்துவிட்டார்கள். ஒரே ஆர்டர் என்றால் நான்கு ரூபாய் கண்ணில் படாது, நூறு ஆர்டரில் படும்.

அப்புறம், தாமதமே நடந்ததா என்று பாருங்கள். நீங்கள் மாலையில் பார்சலைக் கொடுத்திருப்பீர்கள். கூரியர்காரர் மறுநாள் கிடங்கில்தான் முதல் ஸ்கேன் செய்திருப்பார். கணினிக்குத் தெரிவது அந்த ஸ்கேன் நேரம் மட்டும்தான். ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கிய தாள் இருந்தால் அதன் படத்தை இணையுங்கள்.

புகாரில் இப்படி எழுதுங்கள்: "இந்த ஆர்டர் எண்ணுக்குப் பிடித்த தொகைக்கான விதி எண், ஆர்டர் வந்த நாளில் அமலில் இருந்த அதன் வாசகம், எந்தத் தொகையின் மீது எத்தனை சதவீதம், கெடு நேரம், நீங்கள் பதிவு செய்த ஸ்கேன் நேரம் ஆகியவற்றைத் தரவும்." விதி இடையில் மாறியிருக்கலாம், அதனால் தேதியை விடாதீர்கள். ஆட்சேபத்துக்கும் கெடு உண்டு, முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.